பதினான்காவது படம்

2009 பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, சனிக்கிழமை காலை, இளையபெருமாள் தன் அறுவடை வண்டியின் கியர் ஃபோர்க்கை ஒரு உரச்சாக்குத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நடராசனின் லேத் பட்டறைக்கு வந்தார். தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டை சாலையில் இருந்த அந்தப் பட்டறையில் செந்தாமரைக்கு அது ஒன்பதாவது வருடம்.

ஃபோர்க் என்பது உண்டிவில் கவட்டை போன்ற ஓர் இரும்பு. அடியில் ஒரு குழாய். அது ஒரு தண்டில் செருகி, பின் என்ற சிறு ஆணி போட்டு நிற்கும். மேலே இரண்டு கைகள், ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு தட்டையான பாதம். கியரைச் சுற்றி வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் இரண்டு பாதங்களும் உட்கார்ந்து, நெம்புகோலை இழுத்தால் கியரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தும். இளையபெருமாள் கொண்டுவந்ததில் ஒரு கை வேரோடு விரிசல் விட்டிருந்தது.

"வெல்டு வச்சுப் பாத்தேன் சார். கோணிக்கிச்சு. மறுபடி அதே எடத்துல விட்டுக்கிச்சு" என்றார். "அதுக்கு முன்னாடியே லோ கியர் அப்பப்ப தானா விழுந்துக்கிட்டுதான் இருந்துச்சு."

அவருடையது வெளிநாட்டிலிருந்து பழையதாக இறக்குமதியான, சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஊரும் வண்டி. செய்த கம்பெனி அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டது. திருக்காட்டுப்பள்ளி முதல் மன்னார்குடி வரை அதே வண்டி இருபது முப்பது ஓடிக்கொண்டிருந்தது என்பதால் நடராசன் இந்த வேலையை ஆசையோடு பிடித்துக்கொண்டார். ஒன்றுக்குச் சரியான கம்ப்யூட்டர் மாடல் கிடைத்துவிட்டால் துவாக்குடியில் சி.என்.சி. மெஷினில் கொடுத்து எத்தனை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

"கவலைப்படாதீங்க. ஷார்ஜாவுல நம்ம ஆளு இருக்காங்க. கம்ப்யூட்டர்ல அப்படியே உருவமா எழுப்பிக் குடுத்துருவாங்க" என்று இளையபெருமாளிடம் சொன்னவர், செந்தாமரையின் மேஜைப் பக்கம் திரும்பினார். "நீ அளவு எடுத்து, போட்டோ எடுத்து தஹ்மீனாவுக்கு அனுப்பிரு. மாடல அவங்க போடட்டும்."

நீ அளவு எடு. அவங்க மாடல் போடட்டும். இந்த இரண்டு வார்த்தைகளும் செந்தாமரையின் காதில் ஒன்றரை வருடமாக விழுந்துகொண்டிருந்தன.

தஹ்மீனாவும் அவளும் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் ஒரே பெஞ்ச். மெக்கானிக்கல் பிரிவில் இருந்த பெண்கள் ஐந்து பேர். சாலியமங்கலத்திலிருந்து ரயிலில் வருவாள் செந்தாமரை. அவள் அப்பா ஐயாவு அப்போது இன்னும் பிறர் வயலில் கதிர் அறுத்துக்கொண்டிருந்தவர். தஹ்மீனா அய்யம்பேட்டையிலிருந்து, துணிக்கடைக்காரர் வீட்டிலிருந்து வருவாள். வரைபட வகுப்பில் வகுப்புக்கே முதல் செந்தாமரைதான். ஒரு பொருளை வெட்டிப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும் என்பது தஹ்மீனாவுக்குப் பிடிபடவே பிடிபடாது. பரீட்சைக்கு முந்தின வாரம் செந்தாமரைதான் சோப்புக்கட்டியைக் கத்தியால் சீவிச் சீவிக் காட்டிப் புரியவைத்தாள். செந்தாமரை எண்பத்தாறு, தஹ்மீனா அறுபத்தொன்று. அந்த மதிப்பெண்கள் செந்தாமரைக்குப் பத்து வருடம் கழித்தும் மறக்கவில்லை.

தஹ்மீனா ஜாஃபர் சாதிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு ஷார்ஜா போனாள். அங்கே ஒரு வால்வு கம்பெனியில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் திட உருவம் எழுப்பும் வேலையைக் கற்றுக்கொண்டாள். செந்தாமரைக்கும் கல்யாணம் ஆனது. கணவர் பகலவன் பள்ளிக்கூடத்தில் எழுத்தர், நல்ல மனிதர். அவள் பட்டறையில் வெர்னியர் பிடித்து அளந்தாள், காகிதத்தில் வரைந்தாள், பில் போட்டாள். 2007-இல் தஹ்மீனா விடுமுறைக்கு வந்தபோது, தோழியைப் பார்க்கப் பட்டறைக்கு வந்தவள் நடராசனிடம் பேச்சுக்கொடுத்தாள். லேப்டாப்பைத் திறந்து, ஒரு வால்வை எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினாள். நடராசன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து மாடல் வேலையெல்லாம் ஷார்ஜாவுக்குப் போனது.

தோழியைப் பார்க்க வந்தவள் என் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் செந்தாமரைக்குத் தோன்றியது. அவள் யாரிடமும் சொல்லாமல் மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு மாடியில் மூன்று மாதம் மாலை வகுப்புக்குப் போய் அதே சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டாள். சான்றிதழைக் கொண்டுவந்து காட்டியபோது நடராசன், "நல்லதும்மா, தெரிஞ்சு வச்சுக்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பட்டறைக் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் இருந்தது. அவளுக்கு வேலைதான் வரவில்லை. போன ஆவணியில் ஒரு பம்பின் சுழலியை அவள் அளந்து, தேய்ந்த இறக்கைகளில் எது பழைய உயரம் என்று தானே கண்டுபிடித்து எழுதி அனுப்பினாள். மாடல் அச்சு அசலாக வந்தது. பம்புக்காரர் நன்றி சொல்ல வந்தபோது நடராசன் செல்போனில் ஷார்ஜாவைக் கூப்பிட்டு அவரைப் பேசவைத்தார். செந்தாமரை பக்கத்திலேயே நின்று டீ டம்ளர்களை வாங்கி வைத்தாள்.

அதனால் அந்தச் சனிக்கிழமை ஃபோர்க்கை மண்ணெண்ணெயில் கழுவி மேஜையில் வைத்தபோது அவளுக்குக் கை சுறுசுறுப்பாகவும் மனசு கசப்பாகவும் இருந்தது.

அளப்பதில் அவளுக்கு ஈடு அந்தப் பட்டறையில் யாரும் இல்லை. குழாயின் துளையை அளந்தால் ஒரு பக்கம் 16.3 மில்லி, குறுக்கே 16.1 என்று நீள்வட்டமாகக் காட்டியது. அவள் அதை நம்பவில்லை. கூடவே வந்திருந்த தண்டை எடுத்து, எதுவும் உரசாத நுனியில் அளந்தாள். 15.98. அப்படியென்றால் துளை புதிதாக இருந்தபோது பதினாறு. அந்தப் பின் ஆணி ஓட்டையின் நடுவை நேராக அளக்க வழியில்லை. ஓட்டைக்குள் சரியாக இறங்கும் ஐந்து மில்லி ட்ரில்லின் மழமழப்பான தண்டைச் செருகி, அதன் வெளி விளிம்பிலிருந்து பாதம் வரை அளந்து, இரண்டரையைக் கழித்தாள். இளையபெருமாள் கூடவே கழற்றிக் கொண்டுவந்திருந்த கியரின் பள்ளத்தை அளந்தாள். உரசாத அடிப்பகுதியில் அகலம் 8.2. பாதத்தின் கனமோ 6.3தான் இருந்தது. எட்டு மில்லி பாதம் தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது, 1.7 காணாமல் போயிருக்கிறது.

பிறகு படங்கள். வெள்ளைத்தாளின் மேல் ஃபோர்க்கை வைத்து, அளக்க வேண்டிய முகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே உயரத்துக்குக் கட்டை கொடுத்து ஸ்டீல் ஸ்கேலைப் பக்கத்தில் வைத்தாள். கேமராவை ஸ்டாண்டில் ஆறடி தள்ளி நிறுத்தி ஜூம் செய்து எடுத்தாள். கிட்டே போய் எடுத்தால் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழுந்து, படத்தின் மேல் வரையும் கோடெல்லாம் பொய்யாகிவிடும். முன்னால், பின்னால், மேலிருந்து, இரண்டு கைகளும் தனித்தனியாக. பதின்மூன்று படம்.

பதினான்காவதை எடுக்கும்போதுதான் அதைப் பார்த்தாள். ஃபோர்க்கைப் பக்கவாட்டில் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பாதத்தின் மேல் படுத்தவாக்கில் விழும்படி வைத்திருந்தாள். பின்னிலிருந்து தள்ளி இருக்கும் முகத்தில், பாதம் கையோடு சேரும் வேர்ப்பகுதியில், நகக்கணு அகலத்துக்கு ஒரு படி தெரிந்தது. கியர் எட்டாத இடம். அங்கே இரும்பு தேயவே இல்லை. வெர்னியரில் ஆழம் பார்க்கும் வால்கம்பியை இறக்கிப் பார்த்தாள். படியின் உயரம் சரியாக 1.7. பின்னுக்குப் பக்கத்து முகத்தில் அப்படிப் படியே இல்லை. பழைய கிரைண்டிங் கோடுகள்கூட மங்கலாக இருந்தன.

ஆக, தேய்ந்ததெல்லாம் ஒரே முகம். லோ கியருக்குத் தள்ளும் முகம். பின்னின் நடுவிலிருந்து கிட்ட முகம் 22.0, அது பழைய அளவுதான். எட்ட முகம் 30.0-இல் இருந்தது, இப்போது 28.3-க்கு வந்துவிட்டது. அதனால்தான் லோ கியர் முழுதாக ஏறாமல் தானாக விழுந்துகொண்டிருந்தது. நேராக எடுத்த படங்களில் இரண்டு முகமும் ஒரேபோலப் பளபளத்தன. இந்தப் பதினான்காவது படத்தைப் பார்த்தால் ஒழிய யாருக்கும் இது தெரியாது.

அவளுக்கு அந்தக் கணத்தில் வந்தது சந்தோஷம்தான். கண்டுபிடித்த சந்தோஷம். அது முழுதாக ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. இதையும் எழுதி அனுப்புவேன், அவள் மாடல் போடுவாள், இளையபெருமாள் அவளோடு போனில் பேசுவார் என்று நினைத்ததும் கேமராவை ஸ்டாண்டிலிருந்து கழற்றினாள்.

மின்னஞ்சலில் அளவுகளை வரிசையாக எழுதினாள். பாதத்தின் கனம், பள்ளத்தின் அகலம், பின்னிலிருந்து கிட்ட முகத்துக்கு 22.0. பதின்மூன்று படங்களை இணைத்தாள். அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது. தஹ்மீனா ஆங்கில எழுத்தில் தமிழை அடித்திருந்தாள். "செந்து, சூப்பர் போட்டோஸ்டி. ஒரே டவுட். 8ல இருந்து 6.3 ஆயிருக்கே, தேய்மானம் ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா? சைடு வியூ போட்டோ ஒண்ணு கிடைக்குமா?"

கேள்வி சரியான இடத்தில் விழுந்திருந்தது. அறுபத்தொன்று வாங்கியவள் இப்போது இதைக் கேட்கத் தெரிந்துகொண்டாள் என்பது செந்தாமரையை இன்னும் எரித்தது. அவள் அடித்தாள்: "சைடு போட்டோ சரியா விழல. ரெண்டு பக்கமும் பளபளன்னுதான் இருக்கு."

இரண்டாவது வாக்கியம் பொய் இல்லை என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஓகேடி, நீ சொன்னா சரி" என்று வந்தது.

தஹ்மீனா குறைந்துபோன 1.7-ஐ இரண்டு முகத்துக்கும் பாதியாகப் பிரித்தாள். அவள் போட்ட மாடலில் பாதம் பின்னிலிருந்து 21.15-இல் ஆரம்பித்து 29.15-இல் முடிந்தது. கனம் சரியாக எட்டு. நிற்கும் இடம்தான் 0.85 தவறு. நடராசன் திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மெச்சினார். செந்தாமரை பின்னால் நின்று அந்த எண்ணைப் பார்த்தாள். அப்போதும் சொல்லியிருக்கலாம். துவாக்குடியில் வெட்டி முடித்து, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஃபோர்க் வந்து இறங்கியபோதும் சொல்லியிருக்கலாம். மாட்டிப் பார்த்தால் கியர் ஏறாது என்று தெரியும், திருப்பிக் கொண்டுவருவார்கள், அப்போது நான் சொல்வேன் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். பட்டறையில் வைத்துத் தெரியும் தப்பாகவே அதை அவள் கற்பனை செய்திருந்தாள்.

ஆனால் கியர் ஏறியது. பழைய ஃபோர்க்கைவிட இது மேல், முன்பு 1.7 குறைந்திருந்த பிடிப்பு இப்போது பாதிதான் குறைந்திருந்தது. சமதரையில் வண்டி இரண்டு நாள் நன்றாக அறுத்தது. இளையபெருமாள் போன் செய்து, "அருமையா இருக்கு சார்" என்றார். அன்று செந்தாமரை மதியம் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு, ஒரு வயலை முடித்துவிட்டு, வாய்க்கால் ஓரம் மண் போட்டுச் சரிவாக்கிய பாதையில் வண்டியை ரோட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார் இளையபெருமாள். பெட்டி நிறைய நெல். பாதி ஏறும்போது லோ கியர் கழன்றுகொண்டது. வண்டி பின்னால் வழுக்கியது. பிரேக்கை மிதித்ததும் ஒரு பக்கப் பெல்ட் மட்டும் நின்று, வண்டி குறுக்கே திரும்பி வாய்க்காலில் சாய்ந்தது. அவர் குதித்தார். வலது கை கைப்பிடிக் கம்பியில் மாட்டி மணிக்கட்டு முறிந்தது.

செய்தி வந்தபோது நடராசன் முகம் வெளுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபோர்க்கைக் கழற்றி எடுத்துவந்து கியரோடு சேர்த்துப் பார்த்ததில் பற்கள் முழுதாகக் கோக்கவில்லை என்று அவருக்கே தெரிந்தது. ஷார்ஜாவுக்குப் போன் போட்டார். தஹ்மீனா அழுதது ஸ்பீக்கரில் கேட்டது.

"என் தப்புதான் சார். ரெண்டு பக்கமும் தேஞ்சிருக்கும்னு நானா எடுத்துக்கிட்டேன். அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு நான் அப்படி எடுத்திருக்கக் கூடாது."

நடராசன் போனை வைத்தார். "அங்கேருந்து பாத்தா, இங்க உக்காந்து பாக்குற மாதிரி வருமா? சொல்லு" என்றார் செந்தாமரையிடம். "இனிமே நீயே போடு. உனக்குத்தான் தெரியுமே."

பின்னாளில் இதைச் செந்தாமரையே ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள்: "அந்த ஒரு நாள் எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில ஒரு மனுஷன் கெடக்குறாருன்னு தெரியும். தெரிஞ்சும் நிம்மதியா இருந்துச்சு."

மறுநாள் காலை அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பக்கவாட்டுத் தளத்தில் தன் பதினான்காவது படத்தையே செருகி, பக்கத்தில் வைத்த ஸ்கேலின் கோடுகளைக் கொண்டு படத்தைச் சரியான அளவுக்கு இழுத்து நிறுத்தி, அதன் மேல் கோடு வரைந்தாள். வளைவு மட்டும் படத்திலிருந்து. அளவு எல்லாம் வெர்னியரிலிருந்து. துளை பதினாறு. பாதம் 22-இல் தொடங்கி 30 வரை. கைகளின் வேரில் விரிசல் விட்ட இடத்தில் வளைவை இன்னும் கொஞ்சம் தாராளமாக்கினாள். கடைசியில் திரையில் அந்த உருவத்தைக் கியரின் பள்ளத்துக்குள் உட்காரவைத்துப் பார்த்தாள். இரு பக்கமும் காற்றுப் போக ஒரு மயிரிழை இடைவெளி. வெட்டி வந்து மாட்டிய ஃபோர்க் ஒரே தடவையில் சேர்ந்தது. வாய்க்காலிலிருந்து தூக்கிய வண்டியை வேறொரு ஓட்டுநர் அதே சரிவில் மூன்று முறை ஏற்றி இறக்கிக் காட்டினார். நடராசன் வந்தவர் போனவரிடமெல்லாம், "எங்க செந்தாமரை போட்டது" என்றார்.

ஒரு வாரம் அவள் அந்த வார்த்தையில் வாழ்ந்தாள்.

எட்டாம் நாள் மதியம் அவள் செல்போன் அடித்தது. ஷார்ஜா எண். பட்டறைச் சத்தம் கேட்காமல் இருக்கப் பின்பக்கம் இரும்பு அடுக்கியிருக்கும் இடத்துக்குப் போனாள்.

"உன் மாடல சார்கிட்ட கேட்டு வாங்கினேன். நான் எங்க தப்பு பண்ணேன்னு பாக்கணும்னு. அவர்தான் அனுப்புனார்" என்றாள் தஹ்மீனா. குரல் நிதானமாக இருந்தது. "உள்ள ஒரு போட்டோ வச்சு வரைஞ்சிருக்க. ஃபைலோடயே வந்துருச்சு."

செந்தாமரை அடுக்கியிருந்த இரும்பின் மேல் உட்கார்ந்தாள்.

"அந்த போட்டோ ஓரத்துல தேதி விழுந்திருக்குடி. பத்து, ஒண்ணு, ரெண்டாயிரத்து ஒம்போது. மத்த பதின்மூணு போட்டோவுலயும் அதே தேதிதான். விரிசல் அப்படியே இருக்கு. சைடு போட்டோ சரியா விழலன்னு எனக்கு எழுதுனியே."

"தஹ்மீ…"

"அந்தப் படி எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு. நான் அத வச்சுக்கிட்டு அரை மணி நேரம் பாத்தேன். நான் அழுதது அத்தனையும் சார் ஸ்பீக்கர்ல போட்டாரா? நீ பக்கத்துல நின்னியா?"

"நின்னேன்."

"ஏன்டி?"

செந்தாமரை பல காரணங்களை மனசில் வைத்திருந்தாள். நாற்காலி, சான்றிதழ், டீ டம்ளர். வாயைத் திறந்தபோது ஒன்றுகூடச் சொல்லக்கூடியதாக இல்லை. "பொறாமைடி" என்றாள். "உன்னப் பாத்து. வேற ஒண்ணும் இல்ல."



"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள் தஹ்மீனா. "என்கிட்ட மன்னிப்பும் கேக்காத. கை ஒடஞ்சு கெடக்குறாரே அந்த மனுஷன், அவர்கிட்டப் போய்ச் சொல்லு. நீ சொல்லலன்னாலும் நான் சொல்ல மாட்டேன். ஆனா நீ சொல்லணும்." போன் துண்டிக்கப்பட்டது.

செந்தாமரை இரண்டு நாள் போகவில்லை. சொல்ல மாட்டேன் என்று தஹ்மீனாவே சொல்லிவிட்டாளே, பிறகு என்ன என்றுகூட யோசித்தாள். பெருந்தன்மையிலும் என்னைவிட மேலே போய்விட்டாளே என்று அதற்கும் ஒரு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலைக் கண்டுதான் அவள் பயந்துபோனாள். மூன்றாம் நாள் விரிசல் விட்ட பழைய ஃபோர்க்கைப் பையில் போட்டுக்கொண்டு திருக்காட்டுப்பள்ளி பஸ் ஏறினாள்.

இளையபெருமாள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், மாவுக்கட்டுக் கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். "வாம்மா, வா" என்று உள்ளே குரல் கொடுத்து மனைவி அகிலாண்டத்திடம் மோர் கொண்டுவரச் சொன்னார். மாடல் போட்டவள் பார்க்க வந்திருக்கிறாள் என்று அவருக்குப் பெருமை.

செந்தாமரை மோரைத் தொடவில்லை. ஃபோர்க்கை எடுத்து, அந்தப் படியின் மேல் அவர் இடது கை விரலைப் பிடித்து வைத்தாள்.

"இது தட்டுப்படுதா அண்ணே?"

"தட்டுப்படுது."

"இத நான் மொதல் நாளே பாத்துட்டேன். போட்டோவும் எடுத்தேன். ஷார்ஜாவுக்கு அனுப்பல. அவங்க கேட்டாங்க. கேட்டும் இல்லன்னு எழுதிட்டேன். அனுப்பியிருந்தா மொத ஃபோர்க்கே சரியா வந்திருக்கும்."

அவர் விரலை எடுக்காமல் அவளைப் பார்த்தார். புரிய நேரம் பிடித்தது. புரிந்த பின் அவர் கத்தவில்லை. "எதுக்கும்மா அப்படிச் செஞ்ச?" என்றார், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போல.

"எல்லாப் பேரும் அவங்களுக்கே போறது பொறுக்கல."

அகிலாண்டம் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மோர் டம்ளரை வந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நீ சொல்லிட்ட. ஒனக்கு இனி லேசாயிரும்" என்றார் இளையபெருமாள். "எனக்கு இந்த ரெண்டு வெரல் மடங்கலம்மா. டாக்டரு பாக்கலாங்கறாரு. நடராசன் சார்கிட்டயும் சொல்லிரு. அவரு அந்தப் பொண்ணத் திட்டிக்கிட்டு இருக்காரு. நான் எதுவும் பண்ண மாட்டேன். நீ கெளம்பு."

அன்றைக்கே நடராசனிடம் சொன்னாள். அவர் திட்டித் தீர்த்தார், வெளியே போ என்றார், சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை. மறுநாள் வரச் சொன்னார். அறுவடை சீசன் நடுவில் அளவெடுக்க அவருக்கு வேறு ஆள் இல்லை. ஷார்ஜாவுக்குப் போன் போட்டு அவரே மன்னிப்புக் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து கேமராவின் மெமரி கார்டை அவர்தான் கழற்றுவார். எடுத்த படம் நல்லதோ கெட்டதோ அத்தனையையும் அவரே கம்ப்யூட்டரில் ஏற்றி அவரே அனுப்புவார். அவள் எழுதிய அளவுகளில் நாலைந்தைத் தானே வெர்னியர் பிடித்துச் சரிபார்ப்பார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, அவள் எதிரிலேயே. செந்தாமரை அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். வேலையை விட்டுப் போயிருந்தால் அந்த நிமிடங்கள் இருந்திருக்காது. அவள் போகவில்லை.

மாடல் வேலை இரண்டு பேருக்கும் பிரிந்தது. சிறியவை செந்தாமரைக்கு, கடினமானவை தஹ்மீனாவுக்கு, முடிந்ததும் ஒருவருடையதை மற்றவர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நடராசன் வைத்தார். இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. மின்னஞ்சலில் எண்கள் மட்டும் போய் வந்தன. இளையபெருமாளின் ஒரு விரல் மடங்கியது. மற்றது மடங்கவே இல்லை. அடுத்த குறுவைக்கு அவர் வண்டி ஓட்ட ஆள் வைத்துக்கொண்டார்.

மூன்று வருடம் கழித்து ஒருநாள் தஹ்மீனா அனுப்பிய ஒரு கொப்பரை மெஷின் பாகத்தின் மாடலைச் செந்தாமரை பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டுக்கோட்டையிலிருந்து வந்த வேலை. நான்கு துளைகள் ஒரே வட்டத்தில் சம தூரத்தில் வரையப்பட்டிருந்தன. படத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. செந்தாமரை பாகத்தை எடுத்து, அடுத்தடுத்த துளைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து ஒரு துளை அளவைக் கழித்தாள். இரண்டு இடைவெளி ஒன்றுபோல வந்தது. மற்ற இரண்டில் ஒன்று கூடியும் ஒன்று குறைந்தும் இருந்தது. ஒரு துளை வேண்டுமென்றே ஒன்றரை மில்லி தள்ளிப் போடப்பட்டிருந்தது, பாகத்தைத் திருப்பி மாட்டிவிடாதபடி. தஹ்மீனா அதைக் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் வரும் தப்பு.

அதைக் கண்டுபிடிக்கச் செந்தாமரைக்கு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சாதாரணமாகச் சரிபார்க்க அரை மணி போதும். தஹ்மீனாவிடம் ஒரு தப்பைக் கண்டுபிடித்தே தீரவேண்டும் என்றுதான் அவ்வளவு நேரம் தேடினோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

நான்கு அளவுகளையும் எழுதினாள். துளைகளைக் காட்டும் படத்தைத் தானே எடுத்து, கேமராவை நடராசனிடம் நீட்டினாள். அவர் ஏற்றி அனுப்பினார். மறுநாள் பதில் வந்தது: "சரி. மாத்திட்டேன். நான் பாக்கல, நல்லவேளை நீ பாத்த."

செந்தாமரை அதை இரண்டு தடவை படித்தாள். மூன்று வருடத்தில் எண் இல்லாமல் வந்த முதல் வரி அது. திருத்திய மாடலைத் திறந்தாள். ஒரு துளையை நகர்த்தியதற்கு ஏற்ப விளிம்பையும் வளைவையும் தஹ்மீனா எவ்வளவு சுத்தமாக மாற்றியிருந்தாள் என்று பார்த்தாள். நான் செய்திருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது என்று தோன்றியது. அந்தப் பழைய எரிச்சல் எழுந்தது. அவள் வெர்னியரைத் துடைத்து, பூஜ்யம் சரியா என்று பார்த்துக்கொண்டு, பாகத்தை விளிம்பிலிருந்து மறுபடி அளக்கத் தொடங்கினாள்.